பகல் திருமணத்திற்கு வேட்டியோடு எந்தச் சட்டை, எந்த நிற சூட்?

கேள்வி: வைகாசியில் ஒரே நாளில் இரண்டு திருமணங்கள். காலை 7.30 முதல் 9 வரை திருவொற்றியூர் மண்டபத்தில் என் மனைவியின் சித்தப்பா மகனுக்கு முகூர்த்தம். 11 மணிக்குப் பெரம்பூரில் தேவாலயத்தில் அலுவலக நண்பரின் திருமணம், அதன்பின் மதிய விருந்து. என்னிடம் பொன் ஜரிகைக் கரை போட்ட சந்தன நிற வேட்டியும், புது வெள்ளைச் சட்டையும், என் வரவேற்புக்குத் தைத்த கருப்பு சூட்டும் இருக்கின்றன. எனக்கு வயது 36, நல்ல கருப்பு நிறம். இவையே போதுமா, வேறு நிறம் வாங்க வேண்டுமா? — வாசகர், தண்டையார்பேட்டை

பதில்:

உங்களிடம் இருக்கும் மூன்றுமே நல்ல உடைகள்தாம். ஆனால் நீங்கள் மனத்தில் போட்டு வைத்திருக்கும் ஜோடிதான் பகலுக்குப் பொருந்தாது. அந்த வெள்ளைச் சட்டையை வேட்டியோடு அணியாமல் சூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேட்டிக்கு வேறொரு சட்டை வாங்குங்கள். கருப்பு சூட் மாலை வரவேற்புகளுக்கு இருக்கட்டும்; பகலுக்குக் கருப்பைவிட வெளுத்த ஒரு நிறம் தேவை. இம்மூன்றையும் காரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் கடையில் யார் எதை எடுத்துப் போட்டாலும் நீங்களே தேர்ந்துகொள்ள முடியும்.

முதலில் வெள்ளையும் சந்தனமும். இன்று கடைகளில் கிடைக்கும் பளிச்சென்ற வெள்ளைச் சட்டைத் துணிகளில் பெரும்பாலானவற்றில், வெண்மையைக் கூட்டிக் காட்டுவதற்காக ஒருவகை ஒளிர்வுப் பொருள் சேர்க்கப்படுகிறது. அது சூரிய ஒளியில் இருக்கும், நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வாங்கி, மெல்லிய நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலம் துணியின் இயல்பான மஞ்சள் சாயலை மறைத்துவிடுவதால்தான் சட்டை கண்ணைப் பறிக்கிறது. கடையின் மஞ்சள் விளக்கில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லாததால், அங்கே உங்கள் சட்டையும் வேட்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதாகவே தோன்றும். காலை எட்டு மணி வெயிலில் மண்டப வாசலுக்கு வந்து நின்றீர்களானால், சட்டை நீலம் கலந்த வெள்ளையாகவும், அதன் கீழே வேட்டி பல நாள் உடுத்திப் பழுப்பேறியதைப் போலவும் தெரியும். வேட்டியில் குறை எதுவும் இருக்காது. பக்கத்தில் இருக்கும் வெள்ளைதான் அதை அழுக்காகக் காட்டும். விலை உயர்ந்த பட்டு வேட்டிக்கும் இதே கதிதான்.

வேட்டியின் நிறத்தைத் துவைப்பதும் மாற்றும். சலவைத் தூள்கள் பலவற்றில் இதே ஒளிர்வுப் பொருள் உண்டு. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சந்தன வேட்டிக்கும் போட்டுவிடுகிற வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. மஞ்சள் சாயலின்மேல் நீலம் ஏறினால் வேட்டி மங்கிய பச்சைச் சாயலுக்குப் போய்விடும். எனவே திருமணத்திற்கு முன் வேட்டியை வெளுக்கக் கொடுப்பதாக இருந்தால், நீலம் வேண்டாம், கஞ்சி மட்டும் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். பட்டாக இருந்தால் கஞ்சியும் வேண்டாம், உலர் சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சட்டை வாங்கப் போகும்போது வேட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எம்.சி. ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் துணியை வாசல்வரை எடுத்து வந்து பார்க்கிறேன் என்றால் மறுக்கமாட்டார்கள். பகல் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே, நேர் வெயிலில் இல்லாமல் கடை நிழலில் நின்று, சட்டைத் துணியை வேட்டியின் உடல் பகுதியோடு சேர்த்துப் பிடியுங்கள். கரையோடு சேர்த்துப் பிடித்தால் ஜரிகையின் மினுக்கு கண்ணை ஏமாற்றிவிடும். எது உண்மையான வெள்ளை என்று ஒப்பிடுவதற்குச் சிலர் நகல் எடுக்கும் காகிதத்தைக் கொண்டுவருவார்கள். அந்தக் காகிதத்திலும் அதே ஒளிர்வுப் பொருள் இருப்பதால் அது அளவுகோலாகாது. வெளியே பார்த்த பிறகு மறுபடி உள்ளே போய் மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் உங்கள் முகூர்த்தத்தில் பாதி நேரம் வாசலிலும் பாதி நேரம் மேடை விளக்கின் கீழும் கழியப்போகிறது.

இனிச் சட்டையின் நிறம். சந்தன வேட்டிக்குச் சந்தனச் சட்டையே போட்டுவிட்டால் நிறம் பார்க்கும் வேலையே இல்லை என்று பலரும் எண்ணுவார்கள். மற்றொரு திருமணமாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இங்கே மணமகன் உங்கள் மனைவிக்குத் தம்பியோ அண்ணனோ ஆகிற உறவு. உங்கள் மனைவி நாத்தனார் முறையில் மூன்றாம் முடிச்சுப் போடவோ விளக்குப் பிடிக்கவோ மேடைக்கு அழைக்கப்படலாம், நீங்களும் பக்கத்தில் நிற்பீர்கள். மணமகன் பெரும்பாலும் சந்தனப் பட்டு வேட்டி சட்டையில்தான் இருப்பார். அதே நிறத்தில், அதே பொன் கரையோடு நீங்களும் நின்றால் புகைப்படத்தில் மாப்பிள்ளை யார் என்று ஒரு கணம் தேட வேண்டியிருக்கும். அந்த நாள் அவருடையது என்பதால், வேட்டியைச் சந்தனமாகவே வைத்துக்கொண்டு சட்டையில் நிறத்தைக் கொண்டுவாருங்கள். அங்கவஸ்திரமும் வேண்டாம்.

என் தேர்வு அரக்கு நிறம். உங்களைப் போன்ற கருத்த மேனிக்கு அரக்கு, ராமர் பச்சை, அடர் நீலம் ஆகிய ஆழமான நிறங்களும், எலுமிச்சை மஞ்சள் போன்ற தெளிந்த வெளிர் நிறங்களும் நன்றாக எடுக்கும். எடுபடாதவை நடுவில் இருக்கும் காக்கி, மண் நிறம், சாம்பல் கலந்த ரோஜா போன்ற மங்கலான நிறங்கள். அவை தோலின் நிறத்தோடு பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் நின்று முகத்தைச் சோர்வாகக் காட்டும். ஆழமான நிறங்களில் ராமர் பச்சை பகலில் மிக அழகு. ஆனால் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் அடர் பச்சையும் அடர் நீலமும் கருப்பாகிவிடும், முகூர்த்த மேடையில் கருப்பு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க நேரும். அரக்கில் சிவப்புக் கலந்திருப்பதால் மஞ்சள் விளக்கில் அது இன்னும் உயிர் பெறும். வெயிலில் சற்று அடங்கினாலும் அரக்காகவே இருக்கும். இரண்டு ஒளியிலும் தன்னை மாற்றிக்கொள்ளாத நிறம் என்பதே இதைச் சொல்வதற்கு முதற்காரணம். பச்சைதான் வேண்டுமென்றால், மஞ்சள் விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்கும்போதும் பச்சை என்று சொல்ல முடிகிற அளவுக்கு ஒரு படி வெளுத்ததாக எடுங்கள்.

மனைவியின் புடவையோடு ஒத்துப்போக வேண்டுமென்று வீட்டில் பேச்சு வந்தால், புடவையின் உடல் நிறத்தை விட்டுவிட்டு அதன் கரை நிறத்தைப் பிடியுங்கள். உடல் நிறத்திலேயே நீங்களும் சட்டை போட்டால் இருவரும் சீருடை அணிந்ததுபோல் ஆகிவிடும்.

அரக்குச் சட்டையில் ஓர் ஆபத்து உண்டு, அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். சட்டை இடுப்புக்குக் கீழே வேட்டியின்மேல் விழுந்து கிடக்கும். அடர் சிவப்புச் சாயம் ஏற்றிய புதுப் பருத்தித் துணியில், இழையைப் பற்றிக்கொள்ளாத மிச்சச் சாயம் இருக்கலாம். வைகாசி வெயிலில் இடுப்பு வியர்த்ததும் அது சந்தன வேட்டியில் இளஞ்சிவப்புக் கறையாக இறங்கிவிடும். ஜரிகை போட்ட வேட்டியில் வெளுப்பானைப் பயன்படுத்த முடியாது என்பதால் அந்தக் கறையைப் போக்குவது மிகவும் கடினம். வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்துப் பிழிந்து, சட்டையின் உட்புறத் தையலோரத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் சட்டையைத் தனியாக அலசுங்கள்; அலசுகிற தண்ணீர் தெளிந்து வரும்வரை திரும்ப அலசிக் காயவைத்து, மறுபடியும் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். நான்கு முறை அலசிய பிறகும் கைக்குட்டை சிவக்குமானால், அந்தச் சட்டை இந்த வேட்டிக்கு உதவாது, பேன்ட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவே சட்டையை விசேஷத்திற்கு முதல் நாள் வாங்காமல் இரண்டு வாரம் முன்னதாக வாங்கச் சொல்கிறேன்.

வியர்வை பற்றி இன்னும் சிறிது சொல்லியாக வேண்டும். திருவொற்றியூரில் கடற்காற்று வீசினாலும் காற்றின் ஈரப்பதத்தால் உடம்பின் வியர்வை உலராது. துணி நனையும்போது இழைகளுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தில் நீர் நிரம்புவதால், ஒளி சிதறித் திரும்புவது குறைந்து அந்த இடம் கருத்துத் தெரிகிறது. ஏற்கெனவே ஆழமாக இருக்கும் அரக்கு மேலும் கருப்பதற்கு அதிக இடமில்லை, எனவே ஈரம் தெரியாது. வெள்ளையில் ஈரம் திட்டாகத் தெரிவதைவிட உள்ளே இருப்பதைத்தான் காட்டிக்கொடுக்கும். நடுவில் உள்ள சாம்பல் நிறம், இள நீலம், காக்கி ஆகியவற்றில்தான் அக்குளும் முதுகும் திட்டுத்திட்டாக எழுந்து நிற்கும். அலுவலகத்திற்கு எப்போதும் இள நீலச் சட்டை அணிகிற பழக்கத்தில் விசேஷத்திற்கும் அதையே எடுக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்; குளிரூட்டப்படாத மண்டபத்தில் அது வேண்டாம்.

கரையைப் பொறுத்தவரை உங்களுடையது வெறும் பொன் கரை என்பதால் எந்தச் சட்டையும் சேரும். பின்னாளில் நிறக்கரை வேட்டி வாங்கினால், மயில்கண் போன்ற கரைகளுக்கு, கரையில் உள்ள நிறத்தின் வெளிர் சாயலைச் சட்டைக்கு எடுப்பது நல்லது. கருப்பு–சிவப்பு அல்லது கருப்பு–வெள்ளை–சிவப்புக் கரை மட்டும் வட சென்னையில் எந்த மண்டபத்திலும் கட்சி வேட்டியாகவே பார்க்கப்படும். கட்சி ஈடுபாடு உள்ளவர்கள் அதை மகிழ்ச்சியோடு கட்டுகிறார்கள், அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது.

அடுத்தது பெரம்பூர். கருப்பு சூட் ஏன் வேண்டாம் என்றால், முதலில் வழக்கம். சூட் எங்கிருந்து வந்ததோ அந்த ஐரோப்பிய மரபிலேயே, கருப்பு டின்னர் சூட் மாலைக்குரியது, பகல் விசேஷத்தின் கோட்டுகளில் சாம்பலுக்கு நெடுங்காலமாக இடமுண்டு. நம் கிறித்தவக் குடும்பங்களில் மணமகன் கருப்பு அணிவது இயல்பு, விருந்தினர் அணிவதையும் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கருப்பு சூட்டும் வெள்ளைச் சட்டையும் கருப்பு டையுமாகக் காலை 11 மணி வெயிலில் தேவாலய வாசலில் நின்றால், அடக்க ஆராதனைக்கு வந்தவரின் தோற்றமும் அதேதான் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் துணி. மாலை வரவேற்புக்கென்று தைக்கப்படும் சூட்டுகளில் பல, பாலியஸ்டரும் ரேயானும் கலந்த, சற்றே மினுக்கும் துணியில் தைக்கப்பட்டவை. மேடை விளக்கில் அந்த மினுக்கு அழகாக இருக்கும். வெயிலில் அதே கருப்பு செம்பழுப்போ பச்சையோ கலந்த மங்கல் நிறமாகத் தெரியும். தோளில் விழுந்த நூல் துணுக்கும், முதுகில் உலர்ந்த உப்புக் கோடும் தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் சூட் அப்படிப்பட்டதா என்று அறிய, மாடிக்கு எடுத்துச் சென்று வெயிலில் கையின் மடிப்பைப் பாருங்கள். மடிப்பின் முகடு வெள்ளிக் கோடுபோல் மின்னினால் அது மாலைத் துணி.

உங்களுக்கு நான் சொல்லும் பகல் நிறம் நடுத்தர நீலம், அதாவது நேவி நீலத்தைவிட இரண்டு படி வெளுத்தது. நேவி நீலமும் தவறில்லை. வெயிலில் அது நீலமாகவே தெரியும், தேவாலயத்தின் உட்புற நிழலில்தான் கருப்போடு கருப்பாகிவிடும். நடுத்தர நீலம் என்பதைக் கடையில் எப்படிக் கண்டறிவது என்றால், உங்கள் கருப்பு சூட்டின் பேன்ட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். கடையின் உட்புறத்தில், கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போதே யோசிக்காமல் நீலம் என்று சொல்ல முடிந்தால் அது சரியான அளவு. அதே துணியை வாசலுக்குக் கொண்டுவந்ததும் பள்ளிச் சீருடையின் நீலம்போல் கத்தினால் ஒரு படி ஆழமாகப் போங்கள். வெளிர் சாம்பலும் மண் நிறமும் வெயிலுக்கு ஏற்றவை என்று கடைக்காரர் எடுத்துப் போடுவார். வேறு சிலருக்கு அவை பொருந்தலாம், உங்கள் மேனிக்கு மேலே சொன்ன காரணத்தால் வேண்டாம். தந்த வெள்ளை சூட் மணமகனுக்கே உரியது.

துணி மினுக்கில்லாத மெல்லிய கம்பளி அல்லது கம்பளிக் கலப்பாக இருக்கட்டும். கம்பளி என்றதும் வெயிலுக்கு ஆகாது என்று எண்ண வேண்டாம். மெல்லிய நெசவில் அது காற்றை உள்ளே விடும், வெயிலில் நிறமும் ஒரே சீராக இருக்கும். கோடவுன் தெருவிலோ சவுகார்பேட்டையிலோ வெட்டுத் துணியாக எடுத்தால், 58 அங்குல அகலத்தில் சராசரி உடல்வாகுக்குக் கோட்டும் பேன்ட்டும் சேர்த்து ஏறக்குறைய 3.25 மீட்டர் வேண்டும். கோட்டின் உட்துணியை முழுவதும் போடாமல் முதுகில் பாதிவரை மட்டும் போடச் சொல்லுங்கள். உட்துணி நிறமும் நீலமாகவே இருக்கட்டும். மாறுபட்ட சிவப்பு உட்துணி கோட் பறக்கும்போதெல்லாம் கண்ணை இழுக்கும்.

இந்த நீலத்தோடுதான் உங்கள் வெள்ளைச் சட்டை தன் இடத்தை அடைகிறது. சந்தன வேட்டியை அழுக்காகக் காட்டிய அதே நீலச் சாயல், நீலக் கோட்டின் பக்கத்தில் தூய்மையாகவும் குளிர்ச்சியாகவும் தெரியும். டை மினுக்கில்லாத அரக்கு அல்லது அடர் பச்சை. காலுறை கோட்டின் நீலத்திற்கு ஒரு படி ஆழமாக. ஷூவும் பெல்ட்டும் அடர் பழுப்பாக இருந்தால் பகலுக்கு மிகப் பொருத்தம், இல்லையென்றால் உங்களிடம் உள்ள கருப்பே போதும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் கருத்த மேனியின்மேல் அதன் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரியும். பழுப்பு அல்லது அடர் சாம்பல் நிறத்தில், சட்டைப் பொத்தானுக்கு மேலே எட்டிப் பார்க்காத கழுத்து வெட்டுள்ள பனியன் அணியுங்கள். நனைந்தாலும் அது தோலோடு தோலாக மறைந்துவிடும்.

ஒரு நாளுக்காகப் புது சூட் தைப்பது செலவு என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. நடுத்தர நீலத்தில் கோட் மட்டும் தைக்க ஏறக்குறைய 2 மீட்டர் துணி போதும்; அலுவலகத்திற்கு அணியும் சாம்பல் பேன்ட்டோடு அது நன்றாகச் சேரும். கருப்பு சூட்டின் பேன்ட்டை இந்த நீலக் கோட்டோடு சேர்க்க வேண்டாம், வெயிலில் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அதுவும் இயலாதென்றால் வெள்ளைச் சட்டை, சாம்பல் பேன்ட், அரக்கு டை என்று கோட் இல்லாமலே செல்லுங்கள். வைகாசிப் பகலில் அது முழு மரியாதையான உடை. வீட்டில் உள்ளவர்கள் கருப்பு சூட்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், வெள்ளைச் சட்டையோடு வெள்ளி கலந்த சாம்பல் அல்லது இளம் ரோஜா நிற டை அணிந்து அந்தக் கருப்பின் கனத்தைக் குறையுங்கள். கருப்பு டையை மட்டும் தொட வேண்டாம்.

இரண்டு திருமணத்திற்கும் ஒரே சட்டையில் சமாளிக்கலாமா என்ற எண்ணம் வரும். வேண்டாம். மேடையில் ஓமப் புகை படியும், வரவேற்கும்போது சந்தனமும் பன்னீரும் விழும், பந்தியில் சாம்பார்த் துளி தெறிக்கும். திருவொற்றியூரிலிருந்து பெரம்பூருக்குப் போகும் வழியில் உங்கள் தண்டையார்பேட்டை வீடு இருப்பதால், 9.30 மணிக்குள் அங்கே வந்து குளித்து மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். கழுத்திலும் நெற்றியிலும் உள்ள சந்தனம், குங்குமத்தை முதலில் நனைக்காமல் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். நனைத்தால் குங்குமம் கரைந்து வெள்ளைக் கழுத்துப்பட்டையில் ஏறிவிடும். கோட்டை வண்டியில் அணிந்து செல்லாமல் உறையோடு தொங்கவிட்டு எடுத்துப் போய், தேவாலய வாசலில் அணியுங்கள்.

துணி எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம் இருக்கிறது. மணமகனும் மாப்பிள்ளைத் தோழர்களும் என்ன நிறம் என்று உங்கள் அலுவலக நண்பரிடம் கேட்டுவிடுங்கள். தோழர்கள் அனைவரும் ஒரே நிறத்தில் நிற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் நீலம் என்றால், நீங்கள் வெளிர் சாம்பலுக்குப் போகாமல், நிலக்கரிச் சாம்பலுக்கு ஒரு படி வெளுத்த நடுத்தரச் சாம்பலை எடுங்கள். வெள்ளைச் சட்டையும் அரக்கு டையும் அதற்கும் அப்படியே பொருந்தும்.